கிராணியின் ராட்டினம்

டீச்சர் அந்த மைலோ டின்னை என் மேசை மேல் வைத்தபோது நான் ஒரு குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். சுங்கை சிப்புட்டில் கடிகாரக் கடை வைத்திருப்பவனுக்கு இப்போது வரும் வேலையில் பெரும்பங்கு அதுதான். பேட்டரி, வார், கண்ணாடி. அப்பா இருந்த காலத்தில் அஞ்சடியில் பெஞ்சு போட்டு ஆட்கள் காத்திருப்பார்கள். சம்பள நாளுக்கு மறுநாள் தோட்டத்து ஆட்கள் லோரியில் வந்து இறங்கினால், மாலைக்குள் முப்பது கடிகாரமாவது சேர்ந்துவிடும் என்று சொல்வார். சரி, அதை விடுவோம்.

டீச்சர் எனக்குத் தமிழ்ப்பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். எழுபது வயதைத் தாண்டிவிட்டார். டின்னின் மூடியை நெம்பித் திறந்து, ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை எடுத்தார்.

"தம்பி, இது எங்க தாத்தாவோடது. வேற ஒரு கடையில காட்டினேன். வெள்ளி எடைக்கு எடுத்துக்கறோம், உள்ளே இருக்கிறது வேலைக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. நீ ஒரு தடவை பார்த்துச் சொல்லு. நீயும் அதையே சொன்னா விட்டுடறேன்."

பாக்கெட் கடிகாரம்தான். பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். கண்ணாடி இல்லை. நிமிட முள் பாதியில் ஒடிந்திருந்தது. எனாமல் டயலில் நான்கு மணிப் பக்கத்திலிருந்து மயிரிழை விரிசல்கள். பின்மூடியில் ஒரு பெரிய அமுக்கம், கல்லில் விழுந்தது போல. தலையில் உள்ள சாவித் திருகு தேய்ந்து வழவழவென்றிருந்தது. டயலில் லண்டன் நகைக்கடை ஒன்றின் பெயர். இந்தப் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பது அப்பா எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கடிகாரங்களில் டயலில் இருப்பது பெரும்பாலும் விற்றவர் பெயர். செய்தவர் யார் என்பதைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

டீச்சரின் தாத்தா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக இருந்தவர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றைக்கும் வேதனையோடு சொல்வார்களே, அந்தக் காலம்தான். அப்படி ஒரு விற்பனையில், ஊருக்குப் போகும் துரை தன் அப்பாவின் கடிகாரத்தைக் கழற்றிக் கிராணியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். டீச்சர் அப்போது பத்து வயதுப் பிள்ளை.

பின்மூடியைத் திறந்ததும் முதலில் முத்திரைகளைப் பார்த்தேன். நடக்கும் சிங்கம், அதாவது தரமான ஸ்டெர்லிங் வெள்ளி. நங்கூரம், அதாவது பர்மிங்ஹாம் நகரத்தில் சோதித்தது. பக்கத்தில் ஆண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சிறிய எழுத்து 'சி'. பர்மிங்ஹாமில் 1900-இல் 'ஏ' தொடங்கி வரிசையாகப் போனது என்பதால் கூட்டின் வயது 1902-ஐ ஒட்டி. இதெல்லாம் கூட்டைப் பற்றிய செய்திதான். மெஷினைப் பற்றி எதுவும் சொல்லாது.

உள்மூடியையும் திறந்து லூப்பைக் கண்ணில் மாட்டிக்கொண்டேன்.

பழைய கடிகாரத்தைத் திறந்தவுடன் என் கண் தானாகப் போகும் இடம் ஒன்று உண்டு. இப்படியும் அப்படியும் ஆடிக் கடிகாரத்துக்குத் துடிப்பைத் தரும் பேலன்ஸ் வீலின் மேலே ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கை அது பிடித்திருக்கும். வேகமாக ஓடினால் ஒரு பக்கம் தள்ளுவோம், மெதுவாக ஓடினால் மறுபக்கம் தள்ளுவோம். பழுது பார்ப்பவர்கள் ரெகுலேட்டர் என்பார்கள். இதில் அந்த வால் இல்லை. உடைந்த அடையாளமும் இல்லை. செய்யும்போதே வைக்கவில்லை. ஹேர் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று மேலே எழும்பி உள்பக்கம் வளைந்திருந்தது. நீல எஃகு, துரு ஒரு பொட்டுகூட இல்லை. நம் ஊர் ஈரத்தில் அறுபது வருடம் கிடந்த ஹேர் ஸ்பிரிங் துருப்பிடிக்காமல் இருந்ததற்கு அந்த மைலோ டின்னின் இறுக்கமான மூடிதான் காரணம் என்று நினைக்கிறேன். துரு பிடித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ரெகுலேட்டர் இல்லாத கடிகாரம் என்றால் செய்தவன் தன் வேலையை நம்பியவன் என்று பொருள். வேகத்தைப் பேலன்ஸ் வீலின் விளிம்பில் உள்ள குட்டித் திருகுகளை வைத்தே சரிசெய்து அனுப்பியிருக்கிறான். அங்கேயே என் கை கொஞ்சம் மெதுவானது.

அப்புறம்தான் அதைக் கவனித்தேன். பேலன்ஸ் வீலை மேலிருந்து பிடித்திருக்கும் பாலத்தைக் காக் என்போம். எந்தக் கடிகாரத்திலும் அதன் கால், மெஷினின் பெரிய தட்டில் திருகி நிற்கும். இதில் அந்தக் கால் பெரிய தட்டில் நிற்கவில்லை. தட்டில் வட்டமாக ஒரு பெரிய துளை வெட்டி, அதற்குள் தனியாக ஒரு வட்டத் தட்டு உட்கார்ந்திருந்தது. பேலன்ஸ், அதற்கு விசையைத் துளித் துளியாகக் கொடுக்கும் லீவர், எஸ்கேப் வீல் மூன்றும் தங்கள் காக்குகளோடு அந்தச் சின்ன வட்டத்தின் மேல் குடியிருந்தன. வட்டத்தின் ஓரம் முழுக்க நுண்ணிய பற்கள். பற்களுக்கு இடையில் கறுத்துப் போன எண்ணெய்.

எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் சொல்லத் துணிவு வரவில்லை. இதை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அப்பா வைத்துவிட்டுப் போன பழைய ஆங்கிலக் கைநூல் ஒன்றில் ஒரு கோட்டுப் படம், பக்கத்தில் அரைப் பக்க விளக்கம். அவ்வளவுதான் என் அறிவு.

பெரிய தட்டில், காக்கின் நுனிக்கு நேராக, தண்ணீரில் அழியும் மையால் ஒரு புள்ளி வைத்தேன். சாவித் திருகைத் திருப்பினேன். மெயின் ஸ்பிரிங் உடைந்திருந்தது விரலுக்கே தெரிந்தது. கொஞ்சம் இறுகும், பிறகு சறுக்கும். வெளிமுனையில் உடைந்த ஸ்பிரிங் அப்படித்தான் செய்யும். அது சுருண்டிருக்கும் டிரம்மின் சுவரோடு உரசும் உரசலில் மட்டும் சிறிது இழுவை கிடைக்கும். அந்த இழுவையில் பேலன்ஸ் சோம்பலாக ஆடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து பேட்டரிக்காரர் வந்துவிட்டார். அவரிடம் கடிகாரத்தைக் கொடுத்து, காசு வாங்கி, மிச்சம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். துடிப்பு நின்றிருந்தது. ஏழு நிமிடம் ஓடியிருக்கும்.

காக்கின் நுனி என் புள்ளிக்கு நேராக இல்லை. டயலில் ஒன்றரை மணி இடைவெளிக்குச் சற்று மேலான தூரம் நகர்ந்து போயிருந்தது. அதோடு சேர்ந்து பேலன்ஸ், லீவர், எஸ்கேப் வீல், அந்த வட்டத் தட்டு, எல்லாமே நகர்ந்திருந்தன.

"டீச்சர், உங்க தாத்தா இந்தக் கடிகாரத்தைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரா?"

அவர் யோசிக்கவே இல்லை. "ராட்டினக் கடிகாரம்னு சொல்வார். பின்னாடி மூடியைத் திறந்து எங்களுக்குக் காட்டுவார். பள்ளிக்கூடம் போறப்ப ஒரு பக்கம் இருக்கும், வந்து பார்த்தா வேற பக்கம் இருக்கும். பெரியவளானப்புறம், சின்னப் பிள்ளையில ஏதோ தப்பாப் பார்த்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டேன்."

அந்த மெஷினுக்குச் செய்தவர் வைத்த பெயரே ராட்டினம்தான். காருசெல். டென்மார்க்கைச் சேர்ந்த பானே பொன்னிக்சென் என்பவர் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் குடியேறி, 1892-இல் காப்புரிமை எடுத்த அமைப்பு. பின்னாளில் மோட்டார் சைக்கிள்களுக்கு ஸ்பீடோமீட்டரும் வடிவமைத்தவர் அவர். கிராணிக்கு இந்த வரலாறு தெரிந்திருந்ததா, துரை சொல்லிக் கொடுத்தாரா, அல்லது சுற்றுவதைப் பார்த்து அவரே வைத்த பெயரா, டீச்சருக்குத் தெரியவில்லை.

இது எதற்காகச் சுற்றுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பேலன்ஸ் வீல் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஏதாவது ஒரு பக்கம் இம்மியளவு கனமாக இருக்கும். கடிகாரத்தை மேசையில் படுக்க வைத்தால் அந்தக் கனம் ஒன்றும் செய்யாது, சக்கரமும் படுத்தே ஆடுகிறது. ஆனால் சட்டைப் பையில் கடிகாரம் நின்ற நிலையில்தான் இருக்கும். அப்போது கனமான பக்கம் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா, இடமா வலமா என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பையில் எப்போதும் தலை மேலாகவே இருப்பதால், அந்தப் பிழை நாள் முழுவதும் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

பிழையை ஒழிக்க முடியாவிட்டால் அதைச் சுற்றிவிடு என்பதுதான் யோசனை. துடிக்கும் பகுதி முழுவதையும் ஒரு தட்டில் ஏற்றி மெதுவாகச் சுழற்றினால், கனமான பக்கம் ஒரு நேரம் கீழே, ஒரு நேரம் மேலே, ஒரு நேரம் இடம், ஒரு நேரம் வலம் என்று மாறிக்கொண்டே இருக்கும். கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இதே எண்ணத்தில் பிரெஞ்சு நாட்டில் பிரெகே என்ற கடிகாரக் கலைஞர் 1801-இல் காப்புரிமை எடுத்ததுதான் டூர்பியோன். டீச்சரின் மருமகன் நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "இது டூர்பியோன்தானே அண்ணே" என்று கோலாலம்பூரிலிருந்து போன் செய்தார். இல்லை. டூர்பியோனில் விசை அந்தக் கூண்டின் வழியாகத்தான் துடிப்புக்குப் போய்ச் சேரும். கூண்டு மிக இலேசாக இருக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதைச் செய்யக் கூடிய கைகள் அன்றைக்கு மிகச் சிலவே. பொன்னிக்சென் விசையை இரண்டாகப் பிரித்தார். மூன்றாம் சக்கரம் துடிப்புக்கு விசை கொடுக்கும். அதே சக்கரத்தின் அச்சில் உள்ள சின்னப் பல்சக்கரம் வட்டத் தட்டின் ஓரப் பற்களைத் தள்ளி அதைச் சுழற்றும். தட்டு கனமாக இருக்கலாம், மெதுவாகச் சுற்றலாம். இவர் செய்த வழக்கமான காருசெல் ஒரு சுற்றுக்கு 52.5 நிமிடம் எடுக்கும். அதனால்தான் ஏழு நிமிடத்தில் என் புள்ளி அவ்வளவு தள்ளிப் போனது. ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஏழு பாகை.

இது வேலை செய்ததா என்று கேட்டால், செய்தது. இங்கிலாந்தின் கியூ ஆய்வகத்தில் அப்போது கடிகாரங்களுக்குப் பரீட்சை வைப்பார்கள். முதல் வகுப்புக்கு 45 நாள் சோதனை. படுக்க வைத்து, நிற்க வைத்து, குளிரில் வைத்து, சூட்டில் வைத்து, நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். அதில் 40 மதிப்பெண், நிலை மாறினால் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு மட்டும். காருசெல் கடிகாரங்கள் அந்தப் பட்டியல்களில் முன்வரிசையில் நின்றன. டீச்சரின் கடிகாரம் அந்தப் பரீட்சைக்குப் போனதற்கு எந்தச் சான்றும் இல்லை, அப்படி நான் அவரிடம் சொல்லவும் இல்லை. உலகத்தில் ஒன்றே ஒன்று என்றும் சொல்லவில்லை. இங்கிலாந்தில் தேடினால் கிடைக்கும். ஆனால் எங்கள் கடைக்கு அப்பா காலத்தையும் சேர்த்து வந்தது இது ஒன்றுதான்.

எப்படிக் கெட்டது என்று தேடினேன். இந்தப் பகுதிதான் எனக்கு இரண்டு இரவு தூக்கத்தைக் கெடுத்தது.

மெயின் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து அளந்தேன். தடிமன் 0.24 மில்லிமீட்டர். டிரம்முக்குள் அது அடைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு ஸ்பிரிங் தளர்ந்து கிடக்கும்போது டிரம்மின் உள்ளே காலியாக உள்ள பரப்பில் பாதியைத்தான் பிடிக்க வேண்டும். இது அதைவிட நிறையப் பிடித்திருந்தது. அளவு போட்டுப் பார்த்தால் அந்த டிரம்முக்கு 0.21 போதும். வித்தியாசம் வெறும் 0.03 தானே என்று தோன்றும். ஆனால் ஸ்பிரிங்கின் விசை தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். தடிமன் இரு மடங்கானால் விசை எட்டு மடங்கு. அந்தக் கணக்கில் 0.24 ஸ்பிரிங், 0.21 ஸ்பிரிங்கைவிட ஒன்றரை மடங்கு பலத்தோடு தள்ளும். யாரோ வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்கள். ஏன்?

காரணம் வட்டத் தட்டில் இருந்தது. அந்தத் தட்டு கீழே ஒரே ஒரு பெரிய தாங்கியில் உட்கார்ந்து சுற்றுகிறது. அதிலும் ஓரப் பற்களிலும் யாரோ தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். கடிகாரத்தில் சக்கரப் பற்களுக்கு எண்ணெய் விடவே கூடாது. அச்சு நுனிகளுக்கு மட்டும், அதுவும் ஊசி முனையில் தொட்ட அளவு. பற்களில் விட்ட எண்ணெய் தூசியைப் பிடித்து, நாளடைவில் பிசினாகிவிடும். பிசினானதும் தட்டு இழுத்தது. தட்டு இழுத்ததும் கடிகாரம் மெதுவாக ஓடியது, நின்று நின்று ஓடியது. பலம் போதவில்லை என்று நினைத்து அடுத்து வந்தவர் தடித்த ஸ்பிரிங் போட்டார். அப்படியும் மெதுவாகவே ஓடியிருக்க வேண்டும். வேகம் கூட்ட ரெகுலேட்டரைத் தேடியிருப்பார், அது இல்லை. பேலன்ஸ் வீலை லூப்பில் பார்த்தால் விளிம்புத் திருகுகளில் ஒன்றின் தலையை அரத்தால் சீவியிருந்தது. கனம் குறைந்தால் வேகம் கூடும், அது உண்மைதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சீவினால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாயும். எந்தப் பிழையைச் சமாளிக்க இந்த மெஷினையே கண்டுபிடித்தார்களோ, அந்தப் பிழையைக் கையால் கூட்டிவிட்டார்கள்.

தாத்தா இருக்கும்போதே இரண்டு தடவை பழுது பார்த்ததாக டீச்சர் சொன்னார். அந்த இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. என்ன கடிகாரம் என்று தெரியாமல், ஆனால் அதை ஓட வைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் செய்த வேலை. ஒவ்வொரு தவறும் முந்தைய தவறுக்கு வைத்தியம். அந்தப் புள்ளி வைக்காமல் இருந்திருந்தால் நான் நான்காவது தவறைச் செய்திருப்பேன்.

வேலை மூன்று வாரம் இழுத்தது. முழுவதையும் சொல்லப் போவதில்லை. தட்டையும் பற்களையும் பென்சினில் ஊற வைத்து, கூர் சீவிய மரக்குச்சியால் ஒவ்வொரு பல் இடுக்கையும் துடைத்தேன். அதற்கே இரண்டு மாலைகள். பேலன்ஸை மட்டும் ஆல்கஹாலில் போடவில்லை. அதன் அடியில் லீவரைத் தட்டும் சின்ன மாணிக்கக் கல் அரக்கில் ஒட்டியிருக்கும், ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். பெரிய தாங்கிக்குக் கொஞ்சம் கெட்டியான எண்ணெய், மிகக் குறைவாக. பற்கள் உலர்ந்தே இருக்கட்டும் என்று விட்டேன். ஈப்போவில் பழைய சரக்கு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் 0.21 ஸ்பிரிங் கிடைத்தது. நிமிட முள்ளும் கண்ணாடியும் அவரிடமே.

ஓடத் தொடங்கியதும் டைமிங் மெஷினில் மாட்டினேன். கடிகாரத்தின் டிக் சத்தத்தைக் கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை வினாடி கூடுகிறது, குறைகிறது என்று அது உடனே காட்டும். சாதாரணக் கடிகாரத்துக்கு அரை நிமிடம் பார்த்தால் போதும். இங்கேதான் காருசெல் ஆளை ஏமாற்றும். தலை மேலாக நிற்க வைத்துப் பார்த்தேன், ஒரு நாளைக்கு 110 வினாடி வேகம் என்றது. அதை நம்பித் திருகுகளைத் திருப்பியிருந்தால் கெடுத்திருப்பேன். தட்டு சுற்றிக்கொண்டே இருப்பதால் நான் பார்ப்பது அந்த நொடியின் நிலை மட்டும். ஒரு முழுச் சுற்றுக்கும் காத்திருந்து, கால் சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது 13 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுத வேண்டும். எழுதினேன். 110, 70, 24, 68. நான்குமே வேகம்தான். சராசரி ஒரு நாளைக்கு 68 வினாடி.

இந்த நான்கு எண்களில் இரண்டு நோய் இருக்கிறது. சராசரி 68 என்பது சக்கரத்தின் மொத்தக் கனம் குறைந்ததால் வந்தது. உச்சமும் அடியும் 86 வினாடி விலகி நிற்பது சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்ததால் வந்தது. சீவிய திருகு ஒன்றுதான் இரண்டுக்கும் காரணம் என்றால், அதன் கனத்தைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து குறைய வேண்டும். அந்தத் திருகைக் கழற்றி, அடியில் ஒரு மெல்லிய பித்தளை வாஷரை வைத்துத் திருப்பி மாட்டினேன். வாஷர் ஒரு மில்லிகிராம் கனம் இருக்கும். எதையும் அரத்தால் சீவவில்லை, பற்றவைக்கவில்லை. நாளைக்கு என்னைவிடத் தெரிந்தவர் ஒருவர் வந்தால் வாஷரை எடுத்துவிட்டு வேறு வழி பார்க்கட்டும்.

மறுபடி ஒரு முழுச் சுற்று காத்திருந்தேன். கூடுதல் 19, கூடுதல் 5, குறைவு 13, கூடுதல் 1.

அங்கேயே நிறுத்திக்கொண்டேன். இன்னும் மெல்லிய வாஷர்களை மாற்றி மாற்றி வைத்து, 19-ஐயும் 13-ஐயும் இன்னும் நெருக்கியிருக்கலாம். ஆனால் நூற்றிருபது வருடத் திருகின் மரையில் ஒவ்வொரு தடவை கை வைப்பதும் ஒரு ஆபத்து. மிச்சம் இருக்கும் சாய்வைத் தட்டு பார்த்துக்கொள்ளும், அதற்குத்தானே அது சுற்றுகிறது. படுக்க வைத்தால் 6 வினாடி வேகம். அதைத் தட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நின்ற நிலைகளுக்குள் இருக்கும் வித்தியாசத்தைத்தான் ராட்டினம் கழிக்கும், படுத்த நிலைக்கும் நின்ற நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை அல்ல.

டீச்சர் வந்த அன்று கடையில் வேறு ஆள் இல்லை. பின்மூடியைத் திறந்து, உள்மூடியைத் திறந்து, அவர் முன்னால் ஸ்டாண்டில் நிற்க வைத்தேன். எதிர்க் கோப்பிக் கடையிலிருந்து இரண்டு தே தாரிக் வந்தது. பேலன்ஸ் மேலே, சாவித் திருகின் பக்கம் இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். தோட்டத்தில் விடிவதற்கு முன் பெரட்டுக்குத் தப்பு அடிப்பதைப் பற்றி, தாத்தா இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினால்தான் தப்புக்காரர் கையை ஓங்குவார் என்பதைப் பற்றி. டீ ஆறுவதற்குள் பேலன்ஸ் பக்கவாட்டுக்கு வந்திருந்தது. டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார். அது கீழே இறங்கி, மறுபக்கம் ஏறி, கிளம்பிய இடத்துக்கு வரும்வரை எழுந்திருக்கவில்லை.

நான் எழுதி வைத்திருந்த சீட்டைக் கொடுத்தேன். கூடுதல் 19, கூடுதல் 5, குறைவு 13, கூடுதல் 1. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, கீழே ஒரு கோடு போட்டார்.

"இருபத்தஞ்சுல பதிமூணு போனா பன்னெண்டு. நாலால வகுத்தா மூணு. ஒரு நாளைக்கு மூணு வினாடி வேகமா, தம்பி?"

"சட்டைப் பையில இருந்தா மூணு, டீச்சர். மேசையில படுக்க வைச்சா ஆறு."

"பின்னாடி இருக்கிற அமுக்கத்தை நீ எடுக்கலையே?"

"நீங்க சொல்லலை, அதனால தொடலை. எடுக்கணுமா?"

"வேண்டாம். அது பால் ஸ்டோர் வாசல் படியில விழுந்தது. நான்தான் போட்டேன்." கடிகாரத்தைத் துணியில் சுற்றினார், பிறகு என்ன நினைத்தாரோ துணியைப் பிரித்துக் கைப்பையின் பக்கப் பையில் தலை மேலாக நிற்கும்படி வைத்தார். "எத்தனை மணிக்குச் சாவி கொடுக்கணும்?"

"தினமும் ஒரே நேரத்தில கொடுத்தாப் போதும். காலையில கொடுக்கிறது நல்லது."

"அப்போ பெரட்டு நேரத்துக்கே கொடுத்துடறேன்," என்றார். மைலோ டின்னை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.